அறிக்கை, கோவை, கூட்டம்: தலைப்புகளை வசனத்துக்குள் எழுதும் முறை

கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் கூட்டறிக்கையில் வரக்கூடிய ஒரு பந்தியை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் அறிக்கையும் இலக்கங்களும் இந்த வழிகாட்டிக்காக நான் கட்டியவை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்திலோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ பழைய கோவைகளைப் புரட்டியவர்களுக்கு இந்த நடை புதிதாக இராது.

> சென்ற கூட்டறிக்கை வாசிக்கப்பட்டது. கிணற்று நீரின் தரம் இறுதி அறிக்கை 2024ஐ செயலாளர் சமர்ப்பித்தார். நீர்த்தர அளவீட்டின் 3ஆவது அத்தியாயம் மாசடைந்த கிணறுகள் பற்றி ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் பேசப்பட்டதாகத் தலைவர் கூறினார். இறுதிக் கோப்பை எல்லோருக்கும் அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது.

கூட்டத்தில் இருந்தவருக்கு எல்லாம் விளங்கும். இரண்டு வருடம் கழித்து இதே பந்தியைக் கணக்காய்வாளர் ஒருவர் வாசித்தால் கேள்வி மேல் கேள்வி வரும். “இறுதி” என்ற சொல் அறிக்கையின் பெயரில் உள்ளதா, செயலாளர் சேர்த்ததா? 2024 என்பது தலைப்பின் பகுதியா? அடுத்த வசனத்தில் வரும் “நீர்த்தர அளவீடு” அதே அறிக்கையா, வேறொன்றா? “மாசடைந்த கிணறுகள்” அத்தியாயத்தின் பெயரா, அன்று பேசிய விடயமா?

ஆங்கிலத்தில் இந்தக் கேள்விகளில் பாதியைப் பெரிய எழுத்து தீர்த்துவிடும். சொல்லின் முதலெழுத்து பெரிதாக இருந்தால் அது பெயர், சிறிதாக இருந்தால் விவரணை. தமிழிலும் சிங்களத்திலும் அப்படி இரண்டு வகை எழுத்து இல்லை. எனவே தலைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தமிழில் மேற்கோள் குறியும், தலைப்புக்குப் பின் வரும் சொல்லும்தான் காட்டவேண்டும். கீழே வருவது அந்த இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தும் வழி. கொழும்புக்கோ ஒரு நிதி வழங்குநருக்கோ ஆங்கிலப் பிரதியும் போகிறது என்றால் அதற்கான படி கடைசிக்கு முன்னால் இருக்கிறது.

படி 1: முன்னட்டையைப் பார்த்து எழுதுங்கள்

தலைப்பை ஞாபகத்திலிருந்து எழுதவேண்டாம். நமது எடுத்துக்காட்டில் செயலாளர் சமர்ப்பித்த அறிக்கையின் முன்னட்டையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: கிணற்று நீரின் தரம்: 2024 ஆம் ஆண்டு அளவீடு. “இறுதி” என்ற சொல்லும் இல்லை, “அறிக்கை” என்ற சொல்லும் இல்லை. இரண்டும் செயலாளரின் வாயில் வந்தவை.

அட்டையில் உள்ள எழுத்துகளை அப்படியே எடுங்கள். “2024 ஆம்” என்று இடைவெளி விட்டிருந்தால் நீங்களும் விடுங்கள், உங்கள் சொந்த வசனங்களில் “3ஆம்” என்று சேர்த்து எழுதினாலும் சரி. ஒற்று விடுபட்டிருந்தால் போட்டுத் திருத்தவேண்டாம். “யாழ். மாவட்டம்” என்று புள்ளியோடு இருந்தால் புள்ளியும் தலைப்பில் சேர்ந்ததுதான். நம் பத்திரிகைகள் அந்தப் புள்ளியை எவ்வளவு பழக்கிவிட்டன என்றால், சிலர் அட்டையில் இல்லாத இடத்திலும் அதைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு கணினியில் தேடினால் கிடைப்பதில்லை.

எடுக்கக்கூடாதது அட்டையின் அலங்காரம். தடித்த எழுத்து, அடிக்கோடு, வரி பிரிந்த இடம், நிறம் எல்லாம் வடிவமைத்தவரின் வேலை. இரண்டு வரியில் பெரிதும் சிறிதுமாக அச்சிட்டிருந்தால் மேல்வரி தலைப்பு, கீழ்வரி உபதலைப்பு. வசனத்துக்குள் வரும்போது இரண்டுக்கும் நடுவே முக்காற்புள்ளி ஒன்று போதும்.

படி 2: பெயரா, விவரணையா?

எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி போட்டால் பக்கம் முழுக்கக் குறிகள்தான் தெரியும். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தப் பெயர் இந்த ஒன்றுக்கு மட்டும் வைக்கப்பட்டதா, அல்லது இந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் பொதுவானதா?

“கிணற்று நீரின் தரம்: 2024 ஆம் ஆண்டு அளவீடு” இந்த அறிக்கைக்கு மட்டும் வைத்த பெயர். அதற்கு இரட்டை மேற்கோள் குறி. அதற்குள் இருக்கும் அத்தியாயம், இணைப்பு, அட்டவணை ஆகியவற்றுக்குச் சொந்தப் பெயர் இருந்தால் ஒற்றை மேற்கோள் குறி: ‘மாசடைந்த கிணறுகள்’. எது முழு ஆவணம், எது அதன் பகுதி என்பது குறியைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

கூட்டறிக்கை, மாதாந்த முன்னேற்ற அறிக்கை, வரவு செலவுத் திட்டம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் வகைப் பெயர்கள். அவற்றுக்குக் குறி வேண்டாம். எந்தச் சபையுடையது, எந்தத் திகதி என்று சொன்னால் போதும். “சென்ற கூட்டறிக்கை” என்பது அடுத்த மாதமே பொருள் மாறிவிடும். “நிருவாக சபையின் 14.02.2025 கூட்டறிக்கை” என்பது எப்போதும் அதையே குறிக்கும்.

கூட்டங்களும் இப்படித்தான். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம், வருடாந்தப் பொதுக்கூட்டம் போன்றவை திரும்பத் திரும்ப நடப்பவை. குறி வேண்டாம், திகதி வேண்டும். ஆனால் ஒரு கருத்தரங்குக்கோ பயிற்சிப் பட்டறைக்கோ தனித் தலைப்பு வைத்து அழைப்பிதழ் அடித்திருந்தால் அந்தத் தலைப்புக்கு இரட்டைக் குறி போடலாம்: “மழைநீரை வீட்டில் சேமிப்போம்” என்ற பயிற்சிப் பட்டறை. பயிற்சிப் பட்டறை என்ற சொல் குறிக்கு வெளியே நிற்பதைக் கவனியுங்கள்.

சட்டங்களுக்குக் குறி தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் என்று எழுதினால் ஆண்டும் இலக்கமுமே அதைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடும். அந்தச் சட்டத்தின் கீழ் யாராவது உங்களிடம் ஓர் அறிக்கையைக் கேட்டு விண்ணப்பித்தால், அவர் எழுதியுள்ள பெயரும் உங்கள் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்ற கேள்வி உடனே எழும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

சரிவெழுத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். ஆங்கிலப் புத்தகங்களில் நூல் பெயரைச் சரித்து அச்சிடுவார்கள். கணினியில் நாம் பாவிக்கும் லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்களில் சரிவெழுத்து தனியாக வரையப்படவில்லை. வேர்ட் நேரெழுத்தைச் சாய்த்துக் காட்டும், அவ்வளவுதான். விசிறியும் கொம்பும் ஒன்றோடொன்று முட்டும், பிரதி எடுத்தால் இன்னும் மோசம். தமிழுக்குக் குறியே நல்லது.

படி 3: வேற்றுமை உருபைத் தலைப்பில் ஒட்டாதீர்கள்

தமிழில் உண்மையான சிக்கல் இங்கேதான். ஆங்கில வசனத்தில் தலைப்பு எங்கே வந்தாலும் அதன் எழுத்து மாறாது. நாம் ஐ, இல், இன், உக்கு என்று ஒட்டுகிறோம். ஒட்டினால் தலைப்பின் வால் மாறிவிடுகிறது.

நமது தலைப்பு “அளவீடு” என்று முடிகிறது. அதில் ஒரு தகவல் இருக்கிறது என்று சொல்லப்போனால் “அளவீட்டில்” என்று வரும். குறியை எங்கே மூடுவது? “…அளவீட்டில்” என்று மூடினால் அப்படி ஒரு தலைப்பு உலகத்தில் இல்லை. “…அளவீட்”டில் என்று மூடினால் பார்க்கவே சகிக்காது. மகரத்தில் முடியும் தலைப்பும் இதே கதைதான்: திட்டம் என்பது திட்டத்தில் ஆகும். “வரைவு” என்பதில் உகரம் கெட்டு வரைவில் ஆகும். “பதில்கள்” என்பதில் ள் அடுத்த உயிரோடு சேர்ந்து பதில்களில் ஆகும்.

தேடும்போதும் இது கையைக் கடிக்கும். ஒரு கோப்பில் “அளவீடு” என்று தேடினால் “அளவீட்டை”, “அளவீட்டின்” என்று எழுதிய இடங்கள் அகப்படா. டகரத்துக்குப் பின் எழுத்தே வேறு.

வழி எளிது. தலைப்பை மாற்றாமல் மூடுங்கள். பிறகு அது என்ன ஆவணம் என்று ஒரு சொல்லை வையுங்கள். உருபை அந்தச் சொல்லில் ஒட்டுங்கள்.

> “கிணற்று நீரின் தரம்: 2024 ஆம் ஆண்டு அளவீடு” என்ற அறிக்கையில்

“என்ற”, “என்னும்” இரண்டில் எதை எடுத்தாலும் சரி. ஆனால் ஒரே கடிதத்தில் ஒன்றையே வைத்திருங்கள். இடம் குறைவென்றால் “என்ற” இல்லாமலும் எழுதலாம்: “கிணற்று நீரின் தரம்: 2024 ஆம் ஆண்டு அளவீடு” அறிக்கையில்.

தலைப்பே “அறிக்கை” என்று முடிந்தால்? “வருடாந்த நீர் அறிக்கை” அறிக்கையில் என்று எழுதினால் வாசிப்பவர் தட்டச்சுப் பிழை என்று நினைப்பார். அந்த இடத்தில் மட்டும் உருபைக் குறிக்கு வெளியே ஒட்டலாம்: “வருடாந்த நீர் அறிக்கை”யில். ஐகாரத்தில் முடியும் சொல்லோடு யகரம் வந்து சேருமே தவிர, சொல் மாறாது. இகர, ஈகாரத்தில் முடிபவையும் அப்படியே. வேறு எழுத்தில் முடிந்தால் “என்ற ஆவணத்தில்” என்று ஒதுங்கிக்கொள்வதே நல்லது.

ஒற்றும் குறியைத் தாண்டக்கூடாது. “கிணறுகளின் நிலை” படிவம் என்று எழுதுங்கள். “கிணறுகளின் நிலைப்” படிவம் என்று பகர ஒற்றை உள்ளே திணித்தால் அது தலைப்பின் எழுத்தாகிவிடும். அடைப்புக்குறிக்கும் நான் இதையே பின்பற்றுகிறேன். இலக்கணம் படித்தவர்கள் சிலர் வலி மிகவேண்டும் என்று பேனாவைத் தூக்குவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் குறி நடுவில் நிற்கும்போது ஒற்றைத் தவிர்ப்பதில் ஒரு வாசகரும் தடுமாறமாட்டார்.

படி 4: இரண்டாம் முறை வரும்போது

முழுத் தலைப்பை ஒவ்வொரு முறையும் எழுதினால் பந்தி நகராது. முதல் முறை முழுத் தலைப்பு. அதையடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு சுருக்கப் பெயர். அதன் பின் சுருக்கப் பெயர் மட்டும், குறியில்லாமல். நமது பந்தியில் “நீர்த்தர அறிக்கை” என்று வைப்போம். பிறகு அதை “நீர் அறிக்கை” என்றோ “தர அளவீடு” என்றோ மாற்றவேண்டாம். பாடசாலைக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திருப்பி எழுதாதே என்று சொல்லித் தந்தது இங்கே உதவாது. சொல் மாறினால் ஆவணம் மாறிவிட்டது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

படி 5: கோவை இலக்கமும் கோப்பின் பெயரும்

அலுமாரியில் இருக்கும் கடதாசிக் கோவைக்கு இலக்கம் உண்டு. கணினியில் இருக்கும் கோப்புக்குப் பெயர் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று பலர் முயல்கிறார்கள். முடியாது. கோவை இலக்கத்தில் நாம் பழக்கமாகப் போடும் சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. நேர் இரட்டை மேற்கோள் குறி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றையும் ஏற்காது. ஆகவே நமது அறிக்கையின் தலைப்பை அப்படியே கோப்புக்கு வைக்கவும் முடியாது, நடுவில் முக்காற்புள்ளி இருக்கிறது.

எனவே தனியாக ஒரு பெயர் வையுங்கள், சிறிய எழுத்தில், ஆண்டு முன்னால், சிறுகோடுகளால் இணைத்து:

```
2024-kinaru-neer-tharam-v2.pdf
```

சிறிய எழுத்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸில் Report.pdf, report.pdf இரண்டும் சாதாரணமாக ஒன்றுதான். லினக்ஸ் வழங்கியில் இரண்டும் வேறு வேறு. உங்கள் கணினியில் திறந்த இணைப்பு இணையத்தில் ஏற்றிய பின் திறக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். “final”, “final2” என்பவற்றை விட்டு v1, v2 என்று வைத்தால் எது பிந்தியது என்ற வாக்குவாதம் குறையும்.

வசனத்துக்குள் கோவை இலக்கத்துக்கும் கோப்புப் பெயருக்கும் மேற்கோள் குறி தேவையில்லை. இரண்டையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டால் முற்றுப்புள்ளியும் கொமாவும் அவற்றோடு ஒட்டாது.

பாமினியில் தட்டச்சுச் செய்த பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி எடுப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்கவேண்டும். மாற்றும் மென்பொருள் சாய்கோட்டை ஆய்த எழுத்தாக்கிவிடும். “யா/” என்று தொடங்கும் பாடசாலைப் பெயர் “யாஃ” ஆகும், திரு./திருமதி என்பது “திரு.ஃதிருமதி” ஆகும். எண்களுக்கிடையில் இருந்த கொமா இகரமாகும்: 10,000 என்பது “10இ000” என்று வந்து நிற்கும். கோவை இலக்கங்கள் முழுவதும் சாய்கோடுகள் என்பதால் அடி அங்கேதான் அதிகம் விழும். ஃ என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றினால் எஃகும் அஃதும் கெட்டுப்போகும்.

திருத்திய பந்தி

இதுவரை சொன்னவற்றை வைத்து முதற்பந்தியை எழுதினால்:

> நிருவாக சபையின் 14.02.2025 கூட்டறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. “கிணற்று நீரின் தரம்: 2024 ஆம் ஆண்டு அளவீடு” என்ற அறிக்கையை (இனி நீர்த்தர அறிக்கை) செயலாளர் சமர்ப்பித்தார். அதன் 3ஆம் அத்தியாயமான ‘மாசடைந்த கிணறுகள்’ பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் 2025 ஜனவரிக் கூட்டத்தில் ஆராயப்பட்டதாகத் தலைவர் தெரிவித்தார். நீர்த்தர அறிக்கையின் இறுதிப் பிரதியை (கோவை இல. கிஅச/நீர்/07, கோப்பு 2024-kinaru-neer-tharam-v2.pdf) உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது.

நீளம் கூடியிருக்கிறது, உண்மைதான். ஆனால் “இறுதி” என்ற சொல் இப்போது பிரதியைத்தான் குறிக்கிறது, தலைப்பை அல்ல. ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் ஆராயப்பட்டது முழு அறிக்கையல்ல, ஓர் அத்தியாயம் என்பதும் தெரிகிறது. இதைத் திருத்தும்போதே அந்தக் கூட்டம் எந்த மாதம் நடந்தது என்று தலைவரிடம் கேட்கவேண்டி வந்திருக்கும். முதற்பந்தி அந்தக் கேள்வியை மறைத்துவிட்டது.

முற்றுப்புள்ளி எந்தத் தலைப்போடும் உரசவில்லை என்பதையும் பாருங்கள். தமிழ் வசனம் வினையில் முடிவதால் தலைப்பு கடைசியில் வந்து நிற்பது அரிது. அப்படி வந்தால் குறியை முதலில் மூடி, முற்றுப்புள்ளியை வெளியே வையுங்கள். தலைப்பே கேள்விக்குறியில் முடிந்தால் அது உள்ளே இருக்கட்டும். வசனத்தின் முற்றுப்புள்ளி வெளியே வரட்டும்.

படி 6: ஆங்கிலப் பிரதி

ஆங்கிலத்தில் தலைப்பு வசனக் கடைசியிலும் வரும், நடுவிலும் வரும். அங்கே உருபுச் சிக்கல் இல்லை. பெரிய எழுத்துதான் சிக்கல்.

```
"Well Water Quality: A Survey of 2024" was tabled at
the Annual General Meeting. The report was accepted.
The next committee meeting will be held in March.
```

தலைப்பின் முதற்சொல், கடைசிச் சொல், முக்காற்புள்ளிக்கு அடுத்த சொல் மூன்றும் பெரிய எழுத்தில் தொடங்கும். நடுவில் வரும் பெயர், வினை, பெயரடை ஆகியவையும் அப்படியே. of, and, the போன்ற சிறு சொற்கள் சிறிதாக இருக்கும். நீண்ட முன்னிடைச்சொற்களில் கைநூல்கள் பிரிகின்றன: about, between போன்றவற்றை எழுத்தெண்ணிக்கை பார்த்துப் பெரிதாக்கச் சொல்பவையும் உண்டு, எல்லா முன்னிடைச்சொல்லையும் சிறிதாக விடச் சொல்பவையும் உண்டு. உங்கள் அலுவலகம் எதை எடுத்தாலும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். ஆங்கில அட்டையில் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அதுவும் அலங்காரமே. வசனத்துக்குள் மேலே உள்ளபடி மாற்றலாம்.

இரண்டாம் வசனத்தில் report சிறிய எழுத்தில் வந்திருக்கிறது. அது பெயரல்ல, விவரணை. Annual General Meeting குறிப்பிட்ட ஒரு கூட்டத்தின் முறையான பெயர், அதனால் பெரிது. committee meeting பொதுவாகச் சொல்வது, அதனால் சிறிது. நமது அலுவலக ஆங்கிலத்தில் அதிகம் காணும் குறை, முக்கியமாகத் தோன்றும் சொல்லெல்லாம் பெரிய எழுத்தில் வருவது. மரியாதைக்காகப் போடுகிறார்கள். மரியாதை சரி, ஆனால் எது பெயர் என்று பிரித்துக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

தமிழ்ப் பிரதியில் இரட்டைக் குறி போட்ட எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் இரட்டைக் குறி இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். முற்றுப்புள்ளியும் கொமாவும் இலங்கையில் நாம் படித்த பிரித்தானிய வழக்கப்படி குறிக்கு வெளியே. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புவதென்றால் அவர்கள் உள்ளே கேட்பார்கள்.

படி 7: அனுப்பு முன்

வேர்ட்டில் சிலர் நேர்க் குறியும் சிலர் வளைந்த குறியும் போட்டிருப்பார்கள், பல பேர் கைபட்ட கோப்பென்றால் நிச்சயம். தானாக வளைந்த குறியாக மாற்றும் வசதியை இயக்கிவிட்டு, தேடும் பெட்டியிலும் மாற்றும் பெட்டியிலும் இரட்டைக் குறியையே இட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். வேர்ட் எல்லாவற்றையும் வளைந்ததாக்கிவிடும். ஒற்றைக் குறிக்கும் அதே வேலை. முடிந்ததும் குறிக்கு முன்னால் இடைவெளி விடுபட்ட இடங்களை ஒருமுறை பாருங்கள். திறக்கும் குறியா மூடும் குறியா என்பதை அந்த இடைவெளியை வைத்துத்தான் வேர்ட் முடிவுசெய்கிறது, அங்கே குறி தலைகீழாக நிற்கலாம்.

பிறகு தலைப்பின் முதல் இரண்டு சொற்களை, இங்கே “கிணற்று நீரின்” என்பதை, கோப்பு முழுவதும் தேடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அதன் பின்னால் வருவது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். வேறுபட்டால் முன்னட்டைக்குப் போங்கள். சில அறிக்கைகளில் முன்னட்டையில் ஒரு தலைப்பும் உட்பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும். அப்போது உட்தலைப்புப் பக்கத்தில் உள்ளதை எடுத்து, முதல் முறை வரும் இடத்தில் “முன்னட்டையில் வேறு தலைப்பு உள்ளது” என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டு, அந்தத் தலைப்பையும் அங்கே எழுதிவிடுங்கள்.